லேயில் 38 மீட்டர் குழாய்: உறையாமல் காக்க ஹீட்டிங் கேபிள் போட்ட அனுபவம்

லடாக்கின் லேயில் நாங்கள் தங்கி வேலை பார்த்த வளாகத்தில் போர்வெல் ஒரு மூலையில், சமையற்கட்டின் மேல்நிலைத் தொட்டி இன்னொரு மூலையில். நடுவில் ஒரு இன்ச் ஜிஐ குழாய், சுவரை ஒட்டித் திறந்த வெளியில் ஓடுகிறது. தரை முழுக்க உருண்டைப் பாறை என்பதால் யாரும் பள்ளம் தோண்டவில்லை. அப்படியே தோண்டினாலும், அங்கே குளிர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். கோடையில் அந்தக் குழாயைப் பற்றி யாருக்கும் நினைப்பே வராது. ஜனவரி இரவில் வெளியே மைனஸ் 20-ஐத் தாண்டும்போது அது ஒன்றுதான் பேச்சு.

நான் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே குழாய் உறைந்து, எல்போ ஒன்று நீளவாக்கில் பிளந்தது. வேடிக்கை என்னவென்றால் அதில் ஏற்கெனவே ஹீட்டிங் கேபிள் சுற்றியிருந்தார்கள். கேபிளும் நன்றாகவே வேலை செய்தது, தொட்டால் சூடு தெரிந்தது. ஆனால் கேபிளுக்கு மேலே இருந்தது சாக்குத் துணியும் பிளாஸ்டிக் தாளும்தான். அவிழ்த்துப் பார்த்தபோது கேபிள் படிந்த பக்கம் குழாய் லேசாக ஈரமாக இருந்தது, எதிர்ப் பக்கம் பனித்தூள் ஒட்டியிருந்தது. மொத்த வேலையையும் அடுத்த செப்டம்பரில் முதலிலிருந்து செய்தோம். அந்தக் கணக்கையும், வேலையில் பட்ட அடிகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. குழாயை வடித்துவிட முடியும் என்றால் வடித்துவிடுங்கள். பம்பு நின்றதும் தண்ணீர் தானாக இறங்கிவிடும்படி சரிவும், அடியில் ஒரு வடிகால் வால்வும் வைத்தால் கரண்டே தேவையில்லை. லேயில் பலரும் செய்வது அதுதான். எங்கள் குழாயில் நடுவே சரிவு இரண்டு இடத்தில் மாறுகிறது. பாத்திரம் கழுவும் இடத்துக்கு 3 மீட்டர் நீளமுள்ள ஒரு கிளையும் பிரிகிறது. அந்தக் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் கேபிளுக்குப் போனோம்.

கணக்கு

ஹீட்டிங் கேபிள் தண்ணீரைச் சூடாக்குவதற்கு அல்ல. குழாயிலிருந்து வெளியே ஓடுகிற வெப்பம் எவ்வளவோ, அதை அப்படியே திருப்பிக் கொடுப்பதற்கு. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒரு மீட்டர் குழாய் எத்தனை வாட் இழக்கிறது?

எங்கள் குழாயின் வெளிவிட்டம் 33.7 மிமீ. உள்ளே 5 டிகிரி காக்க வேண்டும், வெளியே மைனஸ் 25 என்று வைத்துக்கொண்டோம். வித்தியாசம் 30 டிகிரி. இன்சுலேஷன் 25 மிமீ தடிமனுள்ள நைட்ரைல் ரப்பர் குழல், அதன் வெப்பக் கடத்தல் எண் 0.035. இன்சுலேஷன் போட்டபின் வெளிவிட்டம் 83.7 மிமீ.

```
Q = 2π · k · ΔT / ln(D2/D1)
  = 2π × 0.035 × 30 / ln(83.7/33.7)
  = 6.60 / 0.91
  ≈ 7.25 W/m
```

இதே குழாயை வெறுமனே காற்றில் விட்டால் என்ன ஆகும்? ஒரு மீட்டர் குழாயின் மேற்பரப்பு 0.106 சதுர மீட்டர். காற்று வீசும்போது ஒரு சதுர மீட்டரிலிருந்து டிகிரிக்கு 25 வாட் போகிறது என்று எடுத்தால், 30 டிகிரிக்கு மீட்டருக்கு 79 வாட். பழைய கேபிள் மீட்டருக்கு 15 வாட் தரக்கூடியது. அது ஏன் தோற்றது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கேபிளை மாற்றுவதற்கு முன் இன்சுலேஷனைப் பாருங்கள்.

தடிமனைக் கூட்டிக்கொண்டே போனாலும் பலன் அதே வேகத்தில் கூடாது. 13 மிமீ போட்டால் இழப்பு 11.5 வாட், 25 மிமீ போட்டால் 7.25, 50 மிமீ போட்டால் 4.8. முதல் 25 மிமீ 79-ஐ 7-க்குக் கொண்டுவருகிறது. அடுத்த 25 மிமீ இரண்டரை வாட்தான் மிச்சப்படுத்துகிறது. குறுகிய சுவர் ஓரத்தில் 134 மிமீ பருமனுக்கு இடமும் இல்லை. அதனால் 25 மிமீயோடு நிறுத்தினோம். ரப்பர் குழல் வாங்கும்போது குழாயின் அளவுக்கே வாங்கிவிடாதீர்கள். பக்கத்தில் கேபிளும் படிய வேண்டுமே. ஒரு அளவு பெரியதாக, 42 மிமீ துளை உள்ளதை வாங்கினோம். சரியான அளவை வாங்கி இழுத்து ஒட்டினால் நெடுக்குத் தையல் ஒரு மாதத்தில் வாய் பிளக்கும்.

காகிதத்தில் 7.25. அதற்கு மேல் 25 சதவீதம் பாதுகாப்பு வைத்தால் 9 வாட். அப்படியானால் 10 வாட் கேபிள் போதும் போலத் தோன்றும், எனக்கும் தோன்றியது. நாங்கள் 15 வாட் எடுத்ததற்கு இரண்டு காரணம்.

ஒன்று, மின்னழுத்தம். 2019-இல் ஸ்ரீநகர்–லே மின்தொடர் வந்தபின் லே நாட்டின் கிரிட்டோடு இணைந்துவிட்டது. ஆனால் எங்கள் வளாகம் லைனின் கடைக்கோடியில் இருந்தது. குளிர்கால மாலையில் எல்லாரும் ஹீட்டர் போடும்போது 200 வோல்ட் வரை இறங்கியதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். 230-க்குச் செய்த கேபிள் 200-இல் ஐந்தில் ஒரு பங்கு வாட்டை இழக்கும். அதுவும் அதிகக் குளிர் அடிக்கும் நேரத்தில்தான் வோல்டேஜும் இறங்கும்.

இரண்டாவது காரணம் குழாய்த் தாங்கிகள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தாங்கியும் வால்வும்

குழாய் 14 இடத்தில் சுவரில் பதித்த 40 மிமீ இரும்பு ஆங்கிளில் உட்கார்ந்து, யூ-போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது. ஆங்கிள் குளிர்ந்த காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துடுப்பு மாதிரி. குழாயின் வெப்பம் அதன் வழியே நடந்து வெளியே போய்விடும். அந்த ஆங்கிளின் குறுக்குவெட்டையும் பரப்பையும் வைத்துப் போட்டுப் பார்த்தால், 30 டிகிரி வித்தியாசத்தில் ஒரு தாங்கி ஆறு வாட்டுக்கு மேல் இழுக்கிறது. அதாவது ஒவ்வொரு தாங்கியும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குழாய்க்குச் சமம். ஆனால் அந்த ஆறு வாட் ஒரு மீட்டரில் பரவி இழக்கப்படுவதில்லை. நாலு விரல் அகலத்தில் இழக்கப்படுகிறது. இன்சுலேஷன் போட்ட நேர்க்குழாய் நடுவில் உறைந்ததை நான் பார்த்ததே இல்லை. தாங்கியில், வால்வில், இன்சுலேஷன் முடிந்து சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஐஸ் அடைப்பு முதலில் உருவாகும்.

ஒவ்வொரு தாங்கியிலும் யூ-போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழாய்க்கும் ஆங்கிளுக்கும் நடுவே அரைவட்டமாகக் குடைந்த மரக்கட்டை வைத்தோம். வில்லோ மரம் அங்கே எளிதாகக் கிடைக்கிறது. இன்சுலேஷன் கட்டையின் மேல் தடையில்லாமல் ஓடும்படி செய்து, அதற்கு மேல் அகலமான பட்டை கிளாம்பு போட்டோம். அப்படியும் மரம் ரப்பரைவிட நாலைந்து மடங்கு வெப்பம் கடத்தும். அதனால் ஒவ்வொரு தாங்கியிலும் கேபிளைச் சின்ன வளைவாக மடித்து 30 செமீ கூடுதலாகக் கொடுத்தோம். வால்வு ஒன்றுக்கு அரை மீட்டர். வால்வை எப்போதாவது கழற்ற வேண்டி வரும். கேபிளை அதன் உடம்பில் சுற்றி இறுக்காமல், அப்படியே வெளியே எடுத்துவிடக்கூடிய வளையமாக விட வேண்டும்.

கேபிள் நீளம் இப்படி வந்தது: குழாய் 38 மீட்டர், அதாவது முதன்மைக் குழாய் 35, கிளை 3. தாங்கிகளுக்கு 4.2. மூன்று வால்வுக்கு 1.5. சப்ளைப் பெட்டி, கிளைக்கான டி-இணைப்பு, முனைகள் எல்லாவற்றுக்கும் 2.3. மொத்தம் 46 மீட்டர். குழாயின் நீளத்தை மட்டும் அளந்து கேபிள் வாங்கியிருந்தால் 8 மீட்டர் குறைந்திருக்கும், அதுவும் கடைசி வால்வுக்கு முன்னால்.

கேபிளும் சர்க்யூட் நீளமும்

நாங்கள் எடுத்தது தன்னைத்தானே கட்டுப்படுத்தும் வகை. இரண்டு செம்புக் கம்பிகள் இணையாக ஓடும். நடுவே கார்பன் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக். குளிர்ந்த இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் சுருங்கி அதிக மின்சாரத்தைக் கடத்தும். சூடான இடத்தில் விரிந்து குறைவாகக் கடத்தும். ஒவ்வொரு செண்டிமீட்டரும் தனக்கென ஒரு சின்ன ஹீட்டர். அதனால் வேண்டிய நீளத்துக்கு வெட்டலாம், வால்வில் ஒன்றின்மேல் ஒன்று படிந்தாலும் எரிந்துபோகாது. நிலையான வாட் தரும் கேபிள் மலிவுதான். அதில் ஒரு இடத்தில் குறுக்கே போட்டுவிட்டால் அந்த இடம் கருகும்.

15 வாட் என்பது குழாய் 10 டிகிரியில் இருக்கும்போது தரும் அளவு. 5 டிகிரியில் எங்கள் கேபிளின் வரைபடப்படி 16 வாட்டுக்குச் சற்று மேல். 46 மீட்டருக்குச் சுமார் 745 வாட், 230 வோல்ட்டில் 3.2 ஆம்பியர். இதைப் பார்த்துவிட்டு, மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் எம்சிபியை 6 ஆம்பியரில் போடலாம் என்று நினைத்தால் தவறு. இந்தக் கேபிளின் குணமே குளிர்ந்திருக்கும்போது அதிகம் இழுப்பது. இரவெல்லாம் கரண்ட் போய், மைனஸ் 20-இல் மறுபடி வரும்போது முதல் சில நிமிடம் மீட்டருக்கு 0.2 ஆம்பியர் வரை போகும். 46 மீட்டருக்கு 9 ஆம்பியர். எம்சிபி அந்த நேரத்தில் விழுந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் குழாய் உறைந்து கிடக்கும்.

சர்க்யூட் நீளத்துக்கு வரம்பு இருப்பதற்குக் காரணம் இந்தத் தொடக்க மின்னோட்டம்தான். தயாரிப்பாளரின் அட்டவணையில் எம்சிபி அளவு ஒரு பக்கம், தொடக்க வெப்பநிலை இன்னொரு பக்கம் இருக்கும். எங்கள் கேபிளுக்கு 16 ஆம்பியர் சி-வகை எம்சிபி, மைனஸ் 20 தொடக்கம் என்றால் 70 மீட்டர். 10 டிகிரி தொடக்கத்துக்கான நெடுவரிசையைப் பார்த்தால் இன்னும் நீளமாகக் காட்டும். செப்டம்பரில் வேலை செய்பவர்கள் அதைப் பார்த்து ஏமாறுவார்கள். உங்கள் ஊரின் மோசமான இரவுக்குரிய நெடுவரிசையைப் படிக்க வேண்டும்.

கூடவே வோல்டேஜ் இழப்பையும் பார்த்தேன். உள்ளே ஓடும் செம்புக் கம்பி 1.2 சதுர மிமீதான். போய்வர 46 மீட்டருக்கு 1.3 ஓம். மின்னோட்டம் வழியெல்லாம் குறைந்துகொண்டே போவதால் பாதியை எடுத்தால் போதும். 9 ஆம்பியரில் கடைசி முனையில் 6 வோல்ட் இழப்பு. பொறுத்துக்கொள்ளலாம்.

கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்சிபி, கான்டாக்டர் போன்றவை 2,000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அதற்கு மேல் காற்று மெலிவதால் அவற்றின் திறனைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். 9-க்கும் 16-க்கும் நடுவே எங்களுக்கு இடைவெளி இருந்ததால் கவலைப்படவில்லை. 70 மீட்டர் கேபிளை முழுசாகப் போட்டிருந்தால் இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்திருப்பேன்.

எம்சிபியோடு, மின்கசிவைக் கண்டு அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். கேபிள் அடிபட்டால் முதலில் நடப்பது ஷார்ட் அல்ல, கேபிளின் மேலுறையில் உள்ள உலோகப் பின்னலுக்குக் கசிவு. எம்சிபிக்கு அது தெரியாது. கேபிள் அங்கேயே பொறிந்துகொண்டிருக்கும்.

போட்ட விதம்

கேபிளைக் குழாயின் கீழ்ப்பாதியில், கடிகார முள் 4-க்கும் 5-க்கும் நடுவே நிற்கும் இடத்தில் நீளவாக்கில் படியவைத்தோம். நேர் அடியில் வைத்தால் தாங்கியில் நசுங்கும். சுற்றிச் சுற்றிப் போக வேண்டிய தேவை எங்கள் கணக்கில் இல்லை. 30 செமீக்கு ஒரு இடத்தில் கண்ணாடி இழை டேப். சாதாரண பிவிசி டேப்பின் பசை நாளடைவில் இளகிக் கேபிள் தொங்கிவிடும், கம்பி கட்டினால் உறையை அறுக்கும். அதற்கு மேல் முழு நீளத்துக்கும் அலுமினியத் தாள் டேப் ஒட்டினோம். இரும்புக் குழாய்க்கு இது கட்டாயமில்லை. பிளாஸ்டிக் குழாய் என்றால் கட்டாயம், இல்லாவிட்டால் கேபிளின் வெப்பம் குழாயில் பரவாது.

முனை வேலையில் ஒரு சம்பவம். உடன் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி மதுரைக்காரர், கை சுத்தமான வேலைக்காரர். கேபிளின் கடைசி முனையை உரித்துவிட்டு, "அண்ணே, இந்த ரெண்டு கம்பியையும் முறுக்கி டேப் சுத்திரவா?" என்று கேட்டார். ஹீட்டர் காயில் பார்த்துப் பழகியவருக்கு அது நியாயமான கேள்விதான், காயிலில் சுற்று முடிய வேண்டும். இங்கே இரண்டு கம்பியும் கடைசி வரை ஃபேஸும் நியூட்ரலும். முறுக்கினால் நேர் ஷார்ட். "முறுக்கக் கூடாது தம்பி, ரெண்டையும் பிரிச்சே வச்சு மூடணும்" என்று சொல்லி, முனையை எப்படிச் செய்வதென்று காட்டினேன். ஒரு கம்பியை இன்னொன்றைவிட ஒரு செண்டிமீட்டர் குட்டையாக வெட்டி, நடுவே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கத்தியால் எடுத்துவிட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டு, பசை விளிம்பில் வழிந்து வரும்வரை சூடுகாட்டினோம். பசை வழியாவிட்டால் அந்த மூடி தண்ணீரை நிறுத்தாது. மேலுறைப் பின்னலைச் சப்ளைப் பெட்டியில் எர்த்தோடு கட்டினோம்.

கேபிளின் மின்காப்பை அளக்கும் மெகர் சோதனை மூன்று முறை: சுருளில் இருக்கும்போது, குழாயில் கட்டியபின், இன்சுலேஷனும் அதன் மேல் காப்புத் தகடும் போட்டபின். இரண்டு கம்பியையும் சேர்த்து ஒரு பக்கம், பின்னல் மறுபக்கம், 1,000 வோல்ட். 20 மெகாஓமுக்குக் குறைந்தால் ஏற்கக் கூடாது. முதல் இரண்டு முறையும் எங்களுக்கு 1,000-க்கு மேல். மூன்றாவது முறை முள் எழவே இல்லை, 0.3.

தகடு போட்டவர்களிடம் 13 மிமீ ஸ்க்ரூ தீர்ந்துபோய், கடைசி ஆறு மீட்டருக்கு 25 மிமீ ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, மழை உள்ளே வராதபடி தகட்டின் தையலைக் கீழ்ப்பக்கம் வைத்ததால் ஸ்க்ரூ வரிசை நேராகக் கேபிளின் மேலே. தாங்கிப் பக்கத்தில் ரப்பர் நசுங்கி மெலிந்திருந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூ கேபிளைத் துளைத்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது அதன் நுனியில் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. அரை மீட்டர் வெட்டி, ஸ்ப்ளைஸ் கிட் போட்டு, தையலைக் கேபிளுக்கு எதிர்ப் பக்கத்துக்கு மாற்றினோம், உதடு கீழ்நோக்கி இருக்கும்படி. மூன்றாவது சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால் இது டிசம்பரில்தான் தெரிந்திருக்கும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் நான் செய்த தவறு

தன்னைத்தானே கட்டுப்படுத்தும் கேபிள் தானாக அணையாது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வெளியே மைனஸ் 5 இருக்கும்போது தெர்மோஸ்டாட் இல்லாமல் விட்டால் எங்கள் குழாய் 33 டிகிரி வரை ஏறி, மீட்டருக்கு 9 வாட் குடித்துக்கொண்டிருக்கும். 5 டிகிரி காக்கத் தேவை 2.4 வாட்தான். மின்சாரம் நாலு மடங்கு போவது ஒரு பக்கம். குடிக்கிற தண்ணீர் குழாயில் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்பது அதைவிடக் கெடுதல், லெஜியோனெல்லா கிருமி வளரும் வெப்பநிலை அது. வெளிக்காற்றைப் பார்க்கும் தெர்மோஸ்டாட்டும் இதைத் தடுக்காது, குளிர் இருக்கும்வரை கேபிளை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் குழாயின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார் வைத்தேன். 5 டிகிரிக்கு இறங்கினால் இயங்கும், 7-இல் நிற்கும். சென்சார் கேபிளுக்கு எதிர்ப் பக்கத்தில், இன்சுலேஷனுக்கு உள்ளே. இதுவரை சரி.

வைத்த இடம்தான் தப்பு. முதன்மைக் குழாயின் நடுவில், காற்று அதிகம் அடிக்கும் மூலையில் வைத்தேன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, பாத்திரம் கழுவும் இடத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. முதன்மைக் குழாயில் பிரச்சினையே இல்லை.

நடந்தது இது. முந்தின நாள் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு, இரவு எட்டு மணியிலிருந்து விடியும்வரை பம்பை விட்டுவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். போர்வெல் தண்ணீர் 9 டிகிரியில் வருகிறது. சென்சார் இருந்த இடம் இரவெல்லாம் 7-க்கு மேலேயே இருந்தது. கேபிள் ஒரு நிமிடம்கூட இயங்கவில்லை. 3 மீட்டர் கிளையில் மட்டும் தண்ணீர் அசையாமல் நின்று, தன் பாட்டில் குளிர்ந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்று அப்புறம்தான் கணக்குப் போட்டேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. ஒரு மீட்டர் குழாயில் 0.58 லிட்டர் தண்ணீர். இரும்பையும் சேர்த்தால் ஒரு டிகிரி இறங்க 3.6 கிலோஜூல். 5-இலிருந்து 0-க்கு வர 18 கிலோஜூல். மைனஸ் 25 இரவில் மீட்டருக்கு ஆறரை வாட் போகும்போது, 45 நிமிடத்தில் பூஜ்யம். ஆனால் பூஜ்யத்துக்கு வந்த தண்ணீர் ஐஸாக மாற இன்னும் 194 கிலோஜூல் இழக்க வேண்டும், அதற்கு 9 மணி நேரம் ஆகும். நேர்க்குழாய்க்கு இவ்வளவு பொறுமை உண்டு. வால்வின் கைப்பிடித் தண்டு இன்சுலேஷனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அது செல்லாது, சில மணி நேரத்திலேயே அடைத்துவிடும். அன்று அடைத்தது கிளையின் வால்வில்தான்.

இந்தக் கணக்கு மின்வெட்டுக்கும் பயன்பட்டது. நாலு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு ஐஸாகியிருக்கும். கரண்ட் வந்ததும் கேபிளின் 16 வாட்டில் 6, 7 வாட் வெளியே போக, மிச்சம் 9 வாட்தான் உருக்குவதற்கு. இரண்டு மணி நேரம் பிடிக்கும். முழுக்க உறைந்துவிட்டால் ஆறு மணி நேரம். 10 வாட் கேபிளாக இருந்திருந்தால் உருக்குவதற்கு 4 வாட்கூட மிஞ்சாது, முழுக்க உறைந்த குழாயை எடுக்க அரை நாளுக்கு மேல் ஆகும். அதனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெட்டு என்றால் ஜெனரேட்டரில் இந்த ஒரு சர்க்யூட்டை முதலில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். 16 ஆம்பியர் எம்சிபியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, தொடக்கத்தில் 9, அப்புறம் 3.

அடைப்பை எடுக்க நாங்கள் செய்தது கேபிளைக் கையால் போட்டுவிட்டு, குழாய் வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தது மட்டும்தான். வாயை மூடியிருந்தால், இரண்டு பக்கமும் ஐஸ் இருக்க, நடுவே சிக்கிய தண்ணீரின் அழுத்தம் குழாயைப் பிளக்கும். முதல் வருடம் எல்போ போனது அப்படித்தான். பத்தரை மணிக்குச் சொட்டு விழ ஆரம்பித்தது.

அன்றே சென்சாரைக் கிளைக்கு மாற்றினேன், வால்வுக்கு அடுத்து, தண்ணீர் ஓடாத கடைசி ஒரு அடியில். வால்வின் தண்டுக்கு ரப்பர் துண்டால் தொப்பி செய்து, நூல்கட்டி மாட்டினோம். இப்போது பம்பு ஓடும்போதுகூடக் கேபிள் சில நேரம் இயங்குகிறது, அந்தக் கரண்ட் முதன்மைக் குழாயில் வீண்தான். கிளைக்குத் தனிக் கேபிளும் தனித் தெர்மோஸ்டாட்டும் போட்டிருந்தால் அது மிச்சமாகியிருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அப்படியே செய்யுங்கள்: தண்ணீர் ஓடும் பகுதியும் தேங்கும் பகுதியும் ஒரே சென்சாரின் கீழ் வரக் கூடாது.

அளந்து பார்த்தது

ஜனவரியில் மைனஸ் 19 அடித்த ஒரு இரவு, கிளாம்ப் மீட்டரையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பம்பு ஓடவில்லை, வோல்டேஜ் 228. கேபிள் 14 நிமிடம் இயங்கியது, 19 நிமிடம் நின்றது. அடுத்தடுத்து நாலு சுற்றும் ஏறக்குறைய இதேதான். அதாவது நேரத்தில் 42 சதவீதம். 745 வாட்டில் 42 சதவீதம் 313 வாட். 38 மீட்டருக்குப் பிரித்தால் மீட்டருக்கு 8.2.

அந்த இரவுக்குச் சூத்திரம் சொன்னது 5.8. வெளிப்பரப்பின் காற்றுத் தடையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதால் நிஜம் 5.8-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். மாறாக 40 சதவீதம் மேலே வந்தது. மரக்கட்டை வைத்தபின்னும் அந்த 14 தாங்கிகளும், மூன்று வால்வும், ரப்பர் இணைப்புகளும் சேர்ந்து 90 வாட் எடுத்துக்கொள்கின்றன. 25 சதவீதப் பாதுகாப்பு இங்கே போதவே இல்லை. மைனஸ் 25-க்கு நீட்டிப் பார்த்தால் மீட்டர் குழாய்க்கு 10.3 வாட் வேண்டும். 38 மீட்டர் குழாயில் 46 மீட்டர் கேபிள் இருப்பதால் எங்களுக்கு மீட்டர் குழாய்க்கு 19 வாட்டுக்கு மேல் கிடைக்கிறது, 200 வோல்ட்டிலும் 15-க்குக் குறையாது. 10 வாட் கேபிள் போட்டிருந்தால் 200 வோல்ட்டில் சரியாகப் பத்தரை வாட்டில் வந்து நின்றிருக்கும்.

இந்த 14-க்கு 19 என்ற கணக்கைச் சப்ளைப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் வெளி வெப்பநிலையோடு எழுதி ஒட்டியிருக்கிறோம். அடுத்த குளிர்காலத்தில் இதே மைனஸ் 19-இல் இயங்கும் நேரம் கூடினால் எங்கோ இன்சுலேஷன் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். நனைந்த இன்சுலேஷன் மூன்று மடங்கு கடத்தினால் மீட்டருக்கு 20 வாட்டைத் தாண்டும், அந்த இடத்தில் கேபிள் தோற்கும். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும்போது ஆம்பியர் மீட்டர் இதைக் காட்டாது, கடிகாரமும் ஓரளவுக்குத்தான் காட்டும். ஆகவே அக்டோபரில் தகட்டை ஒரு முறை கையால் தட்டிக்கொண்டே நடந்து, உதடு திறந்திருக்கும் இடங்களில் சீலன்ட் வைப்பதும், மெகரை ஒரு முறை போட்டு எண்ணை அதே தாளில் எழுதுவதும் தம்பியின் பொறுப்பு. போன அக்டோபரில் எழுதியது: 840 மெகாஓம், தாங்கி 9-இல் தகடு விரிந்திருந்தது, மூடியாயிற்று.